மாதக் கணக்கு மூட முன்னம் பிழையைச் சொல்வது எப்படி

கிளிநொச்சியில் எங்கள் அலுவலகத்தில் டீசல் பில் 45,600 ரூபாயை நான் 54,600 என்று பதிந்துவிட்டேன். வித்தியாசம் 9,000. இப்படி இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபடும், அதனால் கூட்டுத்தொகை ஒத்துவராதபோது முதலில் அதைத்தான் பார்ப்பேன்.

சரி, கண்டுபிடித்தபின் நிதிப் பிரிவுக்கு "ஒரு சின்னப் பிழை, பாருங்கோ" என்று மட்டும் எழுதினால் அவர்கள் திரும்ப நான்கு கேள்வி கேட்பார்கள், அதற்குள் 31ஆம் திகதி வந்துவிடும். நான் அனுப்பியது இது:

"அண்ணா, 18ஆம் திகதி வவுச்சர் 212, வாகன எரிபொருள் கணக்கு. பதிந்தது 54,600, சரியான தொகை 45,600. பிழை என்னுடையது. காசு இன்னும் கொடுக்கவில்லை. பில் படம் இணைத்திருக்கிறேன். 29ஆம் திகதிக்குள் திருத்தித் தர முடியுமா?"

காசு கொடுத்தாச்சா இல்லையா என்பதைக் கட்டாயம் எழுதுங்கள். கொடுத்திருந்தால் பதிவைத் திருத்துவது போதாது, கூடப்போன பணத்தையும் கடைக்காரரிடம் திரும்ப வாங்க வேண்டும். அப்புறம், உங்களுக்கு அனுமதி இருந்தாலும் பழைய பதிவை நீங்களாக அழிக்காதீர்கள். அதை எதிர்ப்பதிவால் நீக்கிப் புதிதாகப் பதிவது அவர்கள் வேலை, கணக்காய்வுக்கு வருபவர் அந்தத் தடத்தைத்தான் தேடுவார். மாதம் மூடிவிட்டால் திருத்தம் பெரும்பாலும் அடுத்த மாதக் கணக்கில்தான் விழும், இந்த மாத எரிபொருள் செலவு 9,000 கூடியே நிற்கும்.