பேரிடர் நிவாரணக் குழுவில் தன்னார்வலராக விண்ணப்பிப்பது எப்படி?

விண்ணப்பத்தைப் படிப்பவர் உங்கள் ஆர்வத்தை எடைபோடுவதில்லை. இரவு இரண்டு மணிக்கு வெள்ளச் செய்தி வரும்போது யாரை அழைக்கலாம், அவரை எந்த வேலைக்கு அனுப்பலாம் என்றுதான் பார்ப்பார். நேரம், பயிற்சி, உடல்நிலை ஆகிய மூன்று பகுதிகளிலும் அதற்கான பதில் இருக்க வேண்டும்.

படி 1: நேரத்தைக் கணக்கிட்டு எழுதுங்கள்

"எப்போது கூப்பிட்டாலும் வருவேன்" என்று எழுதியவரைத்தான் ஒருங்கிணைப்பாளர் கடைசியாக அழைப்பார். அந்த வரியை வைத்துப் பணிப்பட்டியல் போட முடியாது.

முதலில், அழைப்பு வந்து எத்தனை மணி நேரத்தில் பையோடு கிளம்ப முடியும் என்று எழுதுங்கள். பிறகு, தொடர்ந்து எத்தனை நாள் வேலை செய்ய முடியும் என்று. இங்கேதான் பலருக்குக் கணக்கு தவறுகிறது. அலுவலகத்தில் 7 நாள் விடுப்பு கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். போக ஒரு நாள், திரும்ப ஒரு நாள், வீட்டில் உடம்பைத் தேற்ற ஒரு நாள். களத்துக்கு மிஞ்சுவது 4 நாள்தான். விண்ணப்பத்தில் 4 என்றே எழுதுங்கள். 7 என்று எழுதிவிட்டு ஐந்தாம் நாள் கிளம்பினால், உங்கள் இடத்துக்கு ஆள் இருக்காது.

வர முடியாத மாதங்களையும் குறிப்பிடுங்கள். இன்னொன்றும் உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்: நீங்கள் மருத்துவமனையிலோ மின்வாரியத்திலோ வேலை பார்த்தால், அதே பேரிடருக்கு அவர்களும் உங்களை அழைப்பார்கள். வேறொரு தன்னார்வக் குழுவில் பெயர் கொடுத்திருந்தாலும் அப்படித்தான். அதைச் சொல்லாவிட்டால் ஒரே ஆள் இரண்டு பட்டியலில் எண்ணப்படுவார். களத்தில் ஓரிடம் காலியாகும்.

படி 2: பயிற்சிக்குத் தேதி போடுங்கள்

"முதலுதவி தெரியும்" என்பது போதாது. பயிற்சியின் பெயர், கொடுத்த அமைப்பு, முடித்த மாதம், எத்தனை மணி நேரம், நேரடிப் பயிற்சியா இணையவழியா, சான்றிதழ் எப்போது காலாவதியாகும் என்பதெல்லாம் வேண்டும். முதலுதவிக்கும், இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி உயிர்மீட்கும் சிபிஆருக்கும் தரும் சான்றிதழ்கள் பலவும் இரண்டு ஆண்டுகளுக்குத்தான் செல்லும். காலாவதியாகியிருந்தால் மறைக்காமல் "காலாவதி, புதுப்பிக்க வேண்டும்" என்று எழுதலாம். புதுப்பிப்பது எளிது, மறைத்தது சரிபார்ப்பில் தெரிந்தால் மற்ற வரிகளையும் சந்தேகிப்பார்கள்.

திறமையை அது பழகிய சூழலோடு சேர்த்துச் சொல்லுங்கள். "நீச்சல் தெரியும்" என்றால் குளத்திலா, ஓடும் நீரிலா? வேகமாக ஓடும் நீர் 15 செ.மீ. ஆழம் இருந்தாலே பெரியவரின் காலை வாரிவிடும். குளத்தில் மட்டும் நீந்தியவர் அப்படியே எழுதினால் படகுக் குழுவுக்குப் பதில் கரைப் பணிக்குப் போவார். அதுதான் அவருக்கும் பாதுகாப்பு. கனரக வாகன உரிமம், கணக்கு, மொழிபெயர்ப்பு, சமையல் எதையும் விடாதீர்கள். முகாமில் பெரும்பாலும் ஆள் தேடுவது இவற்றுக்குத்தான்.

படி 3: உடல்நிலையை அளந்து சொல்லுங்கள்

"நல்ல உடல்நலம்" என்பது அளவே அல்ல. அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கும் களப் பணியாளர்களுக்கு ஒரு நடைச் சோதனை உண்டு: சுமார் 20 கிலோ சுமையுடன் 4.8 கி.மீ. தூரத்தை 45 நிமிடத்தில், ஓடாமல், நடந்தே கடக்க வேண்டும். நடுத்தர வேலைக்கு சுமார் 11 கிலோ, 3.2 கி.மீ., 30 நிமிடம். நிவாரணப் பணிக்கு இது கட்டாயமில்லை, ஆனால் வீட்டிலேயே எடுக்கக்கூடிய நல்ல அளவுகோல். இதய நோயோ மூட்டு வலியோ இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் முயல வேண்டாம். முதல் தடவையே முழுச் சுமை ஏற்றாமல், 5 கிலோவில் தொடங்கிச் சில வாரங்களில் கூட்டுங்கள். மறுநாள் காலை முழங்கால் வீங்கியிருந்தால், கடிகாரம் என்ன சொன்னாலும் அந்தச் சுமை உங்களுக்கு அதிகம்.

ஆஸ்துமா, ஒவ்வாமை, தினசரி மருந்து ஆகியவற்றை எழுதத் தயங்காதீர்கள். இன்சுலினைக் குளிர்ச்சியாக வைக்க வேண்டும். மின்சாரமில்லாத முகாமுக்கு அதை முன்கூட்டியே யோசிக்க வேண்டும். கடைசி டெட்டனஸ் ஊசி போட்ட ஆண்டையும் சேருங்கள். பத்தாண்டு கடந்திருந்தால் விண்ணப்பிக்கும் முன் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 4: சேர்த்து எழுதினால்

முழங்கால் வலியுள்ள ஒரு கணக்காளரின் விண்ணப்பம் இப்படி இருக்கலாம்:

"அழைத்த 6 மணி நேரத்தில் கிளம்ப முடியும். களத்தில் தொடர்ந்து 4 நாள். மார்ச், ஏப்ரல் முடியாது. விடுப்புக்கு மேலாளரின் எழுத்துப்பூர்வ ஒப்புதல் உண்டு. முதலுதவி: 8 மணி நேர நேரடிப் பயிற்சி, இன்னும் 5 மாதம் செல்லும். 11 கிலோவுடன் 3.2 கி.மீ. தூரத்தை 34 நிமிடத்தில் நடந்தேன். வலது முழங்காலில் வலி உண்டு. படியேறிச் சுமை தூக்க இயலாது. பொருள் கிடங்கு, இருப்புக் கணக்கு, பதிவு மேசையில் 10 மணி நேரம் வேலை செய்ய முடியும்."

30 நிமிடச் சோதனையில் அவர் தேறவில்லை. ஆனாலும் எங்கே அமர்த்துவது என்று படிப்பவருக்கு உடனே தெரிகிறது. சான்றிதழ் நகல்களையும் அவசரத் தொடர்புக்கு இருவரின் எண்களையும் இணைத்து அனுப்புங்கள். அந்த இருவரில் ஒருவராவது வேறு ஊரில் இருக்கட்டும். உங்கள் ஊரே பாதிக்கப்பட்டால் உள்ளூர் எண் கிடைக்காது.