ஐயாயிரம் ரூபாயில் ஆன்லைன் விற்பனை: டிராப்ஷிப்பிங்கா, சொந்தச் சரக்கா?

டிராப்ஷிப்பிங்கில் நீங்கள் ஆர்டரை மட்டும் பிடித்துக் கொடுப்பீர்கள். சரக்கை மொத்த வியாபாரியே வாடிக்கையாளருக்கு அனுப்பிவிடுவார். இதற்கு முதலீடே தேவையில்லை என்று சொல்கிறார்கள். அதை நம்பும் முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். திருப்பூர் டி-ஷர்ட் ஒன்றை 399 ரூபாய்க்கு, கேஷ் ஆன் டெலிவரியில் விற்பதாக வைத்துக்கொள்வோம். விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் விலைகளைப் போட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: பத்து ஆர்டருக்குக் கணக்கு

டிராப்ஷிப்பிங்கில் ஒரு டி-ஷர்ட் 230 ரூபாய், கூரியர் 80, விளம்பரம் 50. பத்தில் மூன்று பார்சல் வாங்கப்படாமல் திரும்பினால், திரும்பி வருவதற்கும் தலா 70 ரூபாய் கட்ட வேண்டும். ஏழு பேர் தரும் பணம் 2,793; செலவு 3,120. அதாவது 327 ரூபாய் நட்டம். இதுவும் திரும்பிய துணியை வியாபாரி முழு விலைக்கு ஏற்றுக்கொண்டால்தான். ஏற்பாரா என்பதை முதலிலேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அதே டி-ஷர்ட்டை நீங்களே 150 ரூபாய்க்கு வாங்கி வைத்திருந்தால், பேக்கிங் கவருக்கு ஐந்து ரூபாய் சேர்த்தும், மூன்று திரும்பிய பிறகும் 183 ரூபாய் மிஞ்சும். ஒன்று மட்டும் திரும்பினால் 821 ரூபாய். ஆகவே அனுப்பும் முன் ஒவ்வொருவரையும் போனில் அழைத்து முகவரியையும் அளவையும் உறுதி செய்யுங்கள். எடுக்காத எண்ணுக்குப் பார்சல் போக வேண்டாம்.

இரண்டாம் படி: பணம் எப்போது வரும்?

கேஷ் ஆன் டெலிவரி பணம் டெலிவரி ஆன அன்றே வராது. கூரியர் நிறுவனம் பெரும்பாலும் சில நாள் வைத்திருந்துதான் அனுப்பும். வியாபாரிக்கோ முன்பணம் கட்ட வேண்டும். பத்து ஆர்டருக்குச் சரக்கு 2,300, கூரியர் 800, விளம்பரம் 500 என 3,600 ரூபாய் உங்கள் கையிலிருந்து போன பிறகே முதல் ரூபாய் உள்ளே வரும். முதலீடு தேவையில்லை என்ற பேச்சு இங்கேதான் உடைகிறது.

மூன்றாம் படி: சோதிக்க டிராப்ஷிப்பிங், சம்பாதிக்கச் சரக்கு

சொந்தச் சரக்கில் ஆபத்து ஒன்றுதான், ஆனால் பெரியது: விற்காத நிறமும் அளவும் தேங்கிவிடும். எட்டு டி-ஷர்ட் தேங்கினால் 1,200 ரூபாய் அலமாரியில் முடங்கிவிடும். அதனால் எது விற்கும் என்று அறிய மட்டும் டிராப்ஷிப்பிங்கைப் பயன்படுத்தச் சொல்வேன். அதற்கும் முன், உங்கள் வீட்டு முகவரிக்கே ஒன்றை வரவழையுங்கள். எத்தனை நாளில் வருகிறது, தையல் எப்படி இருக்கிறது, ஒருமுறை துவைத்தால் சுருங்குகிறதா, பார்சலுக்குள் மொத்த விலை போட்ட பில் கிடக்கிறதா என்று பாருங்கள். அந்த பில்லை உங்கள் வாடிக்கையாளர் பார்த்தால் மறுமுறை உங்களிடம் வாங்கமாட்டார்.

வந்த ஆர்டர்களை அளவு, நிறம் வாரியாக ஒரு நோட்டில் எழுதுங்கள். ஒரே நிறத்தில் எம், எல் இரண்டும் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டால் அவற்றை மட்டும் இருபது வாங்குங்கள். 3,000 ரூபாய் ஆகும். மீதி 2,000 ரூபாயைச் சரக்கில் போடாமல் கூரியருக்கும் விளம்பரத்துக்கும் வைத்திருங்கள். ஜிஎஸ்டி பதிவு இல்லாதவரை தமிழ்நாட்டு முகவரிகளுக்கு மட்டும் அனுப்புங்கள். டி-ஷர்ட்டை வெளிமாநிலத்துக்கு விற்கப் பதிவு கட்டாயம்.