கோயிலுக்குக் கொடுக்கும் பணம் எந்தக் கணக்கில் சேர்கிறது? காணிக்கை, கட்டளை, தசமபாகம், ஜகாத்: கொடுப்பவர்களுக்கு ஒரு செய்முறை விளக்கம்

தட்டில் போட்ட பத்து ரூபாயும் உண்டியலில் போட்ட நூறு ரூபாயும் அன்னதானத்துக்குக் கட்டிய ஆயிரம் ரூபாயும் ஒரே கோயிலுக்குள் போனாலும் ஒரே கணக்கில் சேர்வதில்லை. முதன்முறையாகப் பெரிய தொகை கொடுக்க நினைப்பவர்கள் இதைத்தான் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கே நான் எடுத்துக்கொள்வது தமிழ்நாட்டில் இந்து சமய அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களை. தேவாலயம், பள்ளிவாசல் பற்றி இறுதியில் சொல்கிறேன்.

முதல் படி: பணம் விழும் இடத்தை முடிவு செய்யுங்கள்

தீபாராதனைத் தட்டில் இடுவது, பெரும்பாலான கோயில்களில் வழக்கப்படி அர்ச்சகருக்குப் போகிறது. அதற்கு ரசீது கிடையாது. அர்ச்சகருக்குக் கொடுப்பதுதான் உங்கள் விருப்பம் என்றால் அது சரியான இடம். கோயில் திருப்பணிக்கு என்று நினைத்துத் தட்டில் போட்டால் அது திருப்பணிக்குப் போய்ச் சேராது.

உண்டியல் பணம் கோயிலின் பொது வருமானம். துறை அலுவலர்கள் முன்னிலையில் திறந்து எண்ணி வங்கியில் கட்டுகிறார்கள். மின்கட்டணம், சம்பளம், பூஜைச் செலவு எல்லாம் இதிலிருந்துதான். சில கோயில்களில் அன்னதான உண்டியல், திருப்பணி உண்டியல் என்று தனித்தனியாக வைத்திருப்பார்கள். மேலே எழுதியிருப்பதைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பொதுக் கணக்கில் சேர்ந்த பணம் செலவு போக மிஞ்சினால் அது உபரி நிதியாகிறது. அதை எதற்குச் செலவிடலாம் என்பதில் வழக்குகளே நடந்திருக்கின்றன. கோயில் நிதியில் திருமண மண்டபம் கட்டுவதற்கான அரசாணைகளைச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரை அமர்வு 2025இல் ரத்து செய்தது. ஆகவே குறிப்பிட்ட நோக்கம் மனத்தில் இருந்தால் உண்டியலை விட்டுவிட்டு அலுவலகக் கவுண்டருக்குப் போங்கள்.

இரண்டாம் படி: நோக்கம் எழுதிய ரசீது வாங்குங்கள்

ரசீதில் கோயிலின் பெயர், வரிசை எண், தேதி, உங்கள் பெயர், தொகை இருக்கும். இவற்றைவிட முக்கியமானது, எந்த நோக்கத்துக்காக என்று சொல்லும் வரி. "நன்கொடை" என்று மட்டும் எழுதித் தந்தால் திருப்பிக் கொடுத்து, "அன்னதானம்", "ராஜகோபுரத் திருப்பணி" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்கத் தயங்க வேண்டாம். அந்த ஒரு சொல் இல்லையென்றால் பின்னால் நீங்கள் எதையும் கேட்க முடியாது.

க்யூஆர் குறியீட்டில் பணம் செலுத்தும்போது, தொகையை அனுப்பும் முன் திரையில் வரும் கணக்குப் பெயரைப் பாருங்கள். கோயிலின் பெயரோ செயல் அலுவலரின் பதவிப் பெயரோ வர வேண்டும். தனி மனிதர் பெயர் வந்தால் நிறுத்திவிடுங்கள். கும்பாபிஷேகம் என்று வீடு தேடி ரசீதுப் புத்தகத்துடன் வருபவர்களிடம் பணமாகக் கொடுக்காமல், கோயில் அலுவலகத்திலேயே கட்டிக்கொள்கிறோம் என்று சொல்லலாம். வெளியூரில் இருப்பவர்கள் துறையின் இணையதளமான hrce.tn.gov.in வழியாகக் கோயிலைத் தேர்ந்தெடுத்துச் செலுத்தலாம்.

மூன்றாம் படி: கட்டளை வைப்பதற்கு முன் கணக்குப் போடுங்கள்

ஒரு முறை பணம் கட்டிவிட்டு, ஆண்டுதோறும் ஒரு நாள் பூஜையோ அன்னதானமோ நம் பெயரில் நடக்கச் செய்வது கட்டளை. முதல் தொகையை வங்கியில் நிரந்தர வைப்பாக வைத்து, வட்டியில் காரியத்தை நடத்துவார்கள். முதலைத் தொடக் கூடாது.

ஒரு குடும்பம் அப்பாவின் திதியன்று அன்னதானம் நடக்க வேண்டும் என்று 50,000 ரூபாய் கட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். வட்டி 6.5 சதவீதம் என்றால் ஆண்டுக்கு 3,250 ரூபாய். ஓர் இலைக்கு 50 ரூபாய் செலவானால் 65 பேர் சாப்பிடலாம். பத்தாண்டில் அரிசி, காய்கறி, கூலி எல்லாம் ஏறி ஓர் இலைக்கு 100 ரூபாய் ஆகிவிட்டால் அதே வட்டியில் 32 பேர்தான் சாப்பிட முடியும். யாரும் திருடவில்லை, ஆனாலும் தர்மம் பாதியாகிவிட்டது. பிறகு கோயிலிலிருந்து "கூடுதல் தொகை கட்டுங்கள்" என்று கடிதம் வரும். இல்லையென்றால் கட்டளை பெயரளவில் மட்டும் நடக்கும்.

பழைய காலத்துக் கட்டளைகளுக்கு இந்தத் தொல்லை குறைவு. திருவாரூர் தியாகராஜர் கோயிலின் ராஜன் கட்டளை, அபிஷேகக் கட்டளை போன்றவை நிலத்தை ஆதாரமாகக் கொண்டவை. நெல்லாக வரும் வருமானம் விலைவாசியோடு சேர்ந்து ஏறும். குத்தகை வராமல் நின்றுபோகும் ஆபத்து அதில் உண்டு என்பது வேறு விஷயம்.

என் கருத்தைக் கேட்டால், சிறு தொகை உள்ளவர்கள் கட்டளை வைக்காமல், ஒவ்வோர் ஆண்டும் அந்த நாளுக்கான அன்றைய செலவைக் கேட்டுக் கட்டுவதே நல்லது. கட்டளைதான் வேண்டும் என்றால் மூன்று கேள்விகளை எழுத்தில் கேளுங்கள். வைப்புத்தொகை கோயிலின் பெயரில் எந்த வங்கியில் இருக்கும்? கட்டளைப் பதிவேட்டில் என் எண் என்ன? வட்டி போதாமல் போனால் என்ன செய்வீர்கள்?

நான்காம் படி: நடந்ததா என்று பாருங்கள்

எளிய வழி, அந்த நாளில் நேரில் போவது. உபயதாரர் பெயர்ப் பலகையில் உங்கள் பெயர் இருக்கிறதா, பந்தியில் எத்தனை பேர் அமர்கிறார்கள் என்று பாருங்கள். போக முடியாதவர்கள் உள்ளூர் உறவினரை அனுப்பலாம்.

அலுவலகத்தில் கேட்டும் பதில் வரவில்லையென்றால் 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. அந்தப் பகுதி உதவி ஆணையர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்குப் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் மனு அனுப்பலாம். பதிலுக்கு 30 நாள். "பணம் என்ன ஆனது?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்தான் வரும். ஆவணத்தைக் கேளுங்கள்: "இன்ன எண் ரசீதில் அன்னதானத்துக்காகப் பெறப்பட்ட தொகை வரவு வைக்கப்பட்ட பதிவேட்டுப் பக்கத்தின் நகல்", "அந்தத் தொகைக்கான வைப்புச் சான்றின் நகல்". ரசீதில் நோக்கத்தை எழுதி வாங்கச் சொன்னது இதற்காகத்தான். பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

தேவாலயமும் பள்ளிவாசலும்

இங்கும் முதலில் பார்க்க வேண்டியது எந்தக் கணக்கு என்பதைத்தான். தசமபாகம் வருமானத்தில் பத்தில் ஒன்று. ஸ்தோத்திரக் காணிக்கை, கட்டட நிதி ஆகியவை வேறு. ஒவ்வொன்றையும் தனித்தனி உறையில் பெயரும் நோக்கமும் எழுதிப் போட்டால், சபைக் கணக்கு வாசிக்கப்படும்போது சரிபார்க்க முடியும். சபையின் பெயரில் அல்லாமல் ஊழியரின் சொந்தக் கணக்குக்குத் தசமபாகம் கேட்கப்பட்டால், ஆண்டுக் கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள்.

ஜகாத், நிஸாப் எனப்படும் குறைந்தபட்ச அளவைத் தாண்டி ஓராண்டு கையில் நின்ற செல்வத்தில் நாற்பதில் ஒரு பங்கு. 4,00,000 ரூபாய் இருந்தால் 10,000 ரூபாய். இதைப் பெறத் தகுதியுள்ள எட்டுப் பிரிவினரைக் குர்ஆனே சொல்லிவிடுகிறது. பள்ளிவாசல் கட்டடம் அதில் சேராது என்பது பெரும்பாலான மார்க்க அறிஞர்களின் நிலை. அதற்குச் சதகா எனப்படும் விருப்ப தானத்திலிருந்து கொடுக்கலாம். பைத்துல்மால் எனப்படும் பொது நிதியில் கொடுப்பவர்கள் கேட்க வேண்டியது, ஜகாத்தும் சதகாவும் தனித்தனிக் கணக்கில் இருக்கின்றனவா என்பதையும், சென்ற ரமலானில் வசூலான ஜகாத்தில் எவ்வளவு பங்கிடப்பட்டது, எவ்வளவு இன்னும் கையிருப்பில் இருக்கிறது என்பதையும்.