"வயிறு பெருத்தா மூச்சு வாங்கும்தானே" என்று விட்டுவிடாதீர்கள்

வாகரைப் பக்கத்துப் பெண் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வயது 26. சின்ன வயதில் வாதக்காய்ச்சல் வந்து, இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனது. வீட்டு வேலையெல்லாம் செய்வார், களைப்பே தெரியாது. அதனால் கர்ப்பம் என்றதும் மிட்வைஃப் மிஸ்ஸிடம் இதயநோயைப் பற்றி வாயே திறக்கவில்லை. நான் அடிக்கடி காணும் முதல் தவறு இதுதான்.

உடம்பு சுகமாக இருக்கிறது என்பதை வைத்து ஆபத்தை அளக்க முடியாது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோ எடுத்து வால்வின் வாய் எவ்வளவு என்று பார்க்க வேண்டும். சாதாரணமாக அது 4 முதல் 6 சதுர சென்ரிமீற்றர். இவருக்கு 1.3தான், அதாவது நடுத்தரச் சுருக்கம். இதயநோயுள்ள பெண்ணுக்குக் கர்ப்பம் எவ்வளவு ஆபத்து என்று சொல்லும் உலக சுகாதார நிறுவனத்தின் திருத்திய வகைப்பாட்டில் இது மூன்றாம் வகுப்பு. மாதம் ஒரு தடவை அல்லது இரு மாதத்துக்கு ஒரு தடவை இதய மருத்துவரையும் மகப்பேற்று நிபுணரையும் காணவேண்டிய நிலை. 1.0க்குக் கீழே போனால் நான்காம் வகுப்பு. அந்த நிலையில் முதலில் வால்வைச் சரிசெய்யாமல் கர்ப்பம் தரிக்க வேண்டாம் என்றுதான் சொல்வார்கள்.

கர்ப்பத்தில் இரத்தம் ஏறத்தாழ பாதியளவு கூடுகிறது, நாடியும் வேகமாகிறது. வேகமானால் சுருங்கிய வாயால் இரத்தம் இறங்க நேரம் போதாது. அது பின்னால் தேங்கி நுரையீரலில் நீர் கோக்கும். அதனால்தான் நாடியை மெதுவாக்கும் மாத்திரை தருகிறார்கள். "பிள்ளைக்குக் கூடாது" என்று மாமி சொல்லி அதை நிறுத்துவது இரண்டாவது தவறு. இரவில் ஒரு தலையணை போதாமல் இரண்டு வேண்டிவருகிறது, படுத்தால் இருமல், திடீரென எழுந்து உட்கார வைக்கிற மூச்சுத்திணறல்: இவை வயிறு பெருத்ததன் அறிகுறிகள் அல்ல. அன்றைக்கே போகவேண்டும்.

அப்புறம், "சிசேரியன்தான் பாதுகாப்பு" என்ற எண்ணம். இப்படியானவர்களில் பெரும்பாலானோருக்கு இயல்பான பிரசவமே நல்லது. இதயம், மகப்பேறு, மயக்கமருந்து மருத்துவர்கள் மூவரும் முன்கூட்டியே உட்கார்ந்து திட்டத்தை எழுதி, அட்டையில் வைக்க வேண்டும். இடப்பக்கம் சரிந்து படுப்பது, வலி தெரியாமலிருக்க முதுகில் போடும் எபிடூரலை நேரத்தோடு போடுவது, முக்கவிடாமல் வாக்குவமோ ஃபோர்செப்ஸோ வைத்து எடுப்பது, இரத்தப்போக்கைத் தடுக்க ஒக்சிரோசினை மெதுவாக ஏற்றுவது, அதே வேலைக்குத் தரும் எர்கோமெட்ரின் என்ற மருந்தைக் கொடுக்காமல் விடுவது, எல்லாம் அதில் இருக்கும். வாகரையிலிருந்து மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் பயணம். வலி வந்தபிறகு வேன் தேடாமல், சொன்ன திகதிக்கு முன்பே போய் அனுமதியாகிவிட வேண்டும்.

பிள்ளை பிறந்ததும் எல்லாம் முடிந்தது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. கர்ப்பப்பை சுருங்கும்போது அதிலிருந்த இரத்தம் ஒரேயடியாக இதயத்துக்குத் திரும்புகிறது. முதல் 24 முதல் 72 மணித்தியாலங்களில்தான் நுரையீரலில் நீர் கோக்கும் அபாயம் அதிகம். "வீட்ட கொண்டுபோறம் டொக்டர்" என்று உறவினர் வார்டு வாசலில் நிற்பது பெரும்பாலும் இரண்டாம் நாள் காலையில்தான்.