ஒரு வயதுக்கு மேல் டப்பா பால் தேவையா? பசும்பாலில் நாம் செய்யும் தவறு எது?

போன தை மாதம் பாபநாசம் பக்கத்தில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். அவள் மகனுக்கு அப்போது ஒன்றரை வயது. அடுப்படி அலமாரியில் ‘3’ என்று பெரிதாக எண் போட்ட பால் பவுடர் டப்பா இரண்டு இருந்தன. “சோத்தைக் கண்டாலே வாயை மூடிக்கிறான்க்கா. குடிக்கிற பாலாவது சத்தான பாலா இருக்கட்டும்னு அத்தைதான் வாங்கச் சொன்னாங்க” என்றாள்.

ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கிறான் என்று கேட்டேன். விடிந்ததும் ஒரு பாட்டில், பத்து மணிக்கு ஒன்று, மத்தியானம் தூங்கப்போகும்போது ஒன்று, சாயங்காலம் ஒன்று, ராத்திரி ஒன்று. பாட்டிலுக்கு 200 மில்லி என்றால் ஒரு லிட்டர். முன்பு ஐந்துமே பசும்பால்தான். மூன்று வாரமாக அதில் இரண்டு மட்டும் டப்பா பாலாக மாறியிருந்தது.

சிக்கல் இந்த ஒரு லிட்டரில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் பசும்பாலில் ஏறக்குறைய 650 கலோரி உண்டு. அந்த வயதுப் பிள்ளைக்கு நாள் முழுவதற்கும் தேவைப்படுவதே சுமார் 1,000 கலோரி. மூன்றில் இரண்டு பங்கு வயிறு பாலிலேயே நிறைந்துவிட்டால் சோறு எங்கே இறங்கும்? பிள்ளை சாப்பிடவில்லை என்று பால் கொடுக்கிறோம், பால் குடித்ததால் பிள்ளை சாப்பிடுவதில்லை. இந்த வட்டத்துக்குள் டப்பா பாலைக் கொண்டுவந்தாலும் வட்டம் அப்படியேதான் சுற்றும்.

இன்னொரு பக்கம் இரும்புச்சத்து. ஒன்று முதல் மூன்று வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 8 மில்லிகிராம் இரும்பு வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. ஒரு லிட்டர் பசும்பாலில் அரை மில்லிகிராம்கூடத் தேறாது. போதாததற்குப் பாலில் இருக்கும் கால்சியமும் கேசின் புரதமும் மற்ற சாப்பாட்டிலிருந்து வரும் இரும்பையும் உடம்பில் சேரவிடாமல் மறிக்கும். கொழுகொழு என்று இருக்கும் பிள்ளைக்கும் ரத்தசோகை வருவது இப்படித்தான். தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருப்பதாக ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு சொல்கிறது.

அவன் கீழ் இமையை லேசாக இழுத்துப் பார்த்தேன். சிவப்பாக இருக்க வேண்டிய உள்பக்கம் வெளுத்திருந்தது. உள்ளங்கையும் அப்படித்தான். வாசலில் விட்டால் மண்ணை அள்ளி வாயில் போடுகிறான், காரணமில்லாமல் சிணுங்குகிறான், மலம் கட்டிப்போகிறது என்று தங்கை ஒவ்வொன்றாகச் சொன்னாள். மறுநாள் ரத்தப் பரிசோதனை செய்தோம். 11 இருக்க வேண்டிய ஹீமோகுளோபின் 8.6 இருந்தது.

அப்படியானால் டப்பா பால்தானே நல்லது, அதில் இரும்பு சேர்த்திருக்கிறார்களே என்று அவள் கேட்டாள். நியாயமான கேள்வி. பவுடரில் இரும்பு இருப்பது உண்மை, அது உடம்பில் சேருவதும் உண்மை. ஆனால் அதற்காக அந்த டப்பாவைத்தான் வாங்க வேண்டும் என்பதில்லை. அங்கன்வாடியிலும் துணை சுகாதார நிலையத்திலும் கொடுக்கும் இரும்பு டானிக்கை வாரம் இருமுறை ஒரு மில்லி கொடுக்கிறோம். அந்த ஒரு மில்லியிலேயே 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது, காசும் கிடையாது. டப்பா பாலிலோ இரும்போடு சேர்ந்து மால்ட்டோடெக்ஸ்ட்ரின் என்ற மாவுச்சத்துப் பொடி, சில வகைகளில் சர்க்கரை, வாசனை எல்லாம் வருகின்றன. டப்பாவின் பின்பக்கம் பொருள் பட்டியலைப் படித்துப் பாருங்கள். தித்திப்பில் பழகிய நாக்குக்கு வெறும் பருப்புசாதம் சப்பென்று இருக்கும்.

ஒரு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று விற்கும் இந்த ‘குரோயிங் அப் மில்க்’ தேவையற்றது என்று உலக சுகாதார நிறுவனம் 2013-லேயே சொல்லிவிட்டது. 2023-இல் வெளியிட்ட வழிகாட்டியில், ஒரு வயது முடிந்து தாய்ப்பால் கிடைக்காத பிள்ளைக்கு மாட்டுப்பால் போதும், பவுடர் பால் வேண்டாம் என்று சொல்கிறது. தாய்ப்பால் குடிக்கிற பிள்ளைக்கு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் அதைத் தொடரலாம்.

1, 2, 3, 4 என்று டப்பாவில் எண் போட்டிருப்பதைப் பார்த்துப் பள்ளிக்கூட வகுப்பு மாதிரி ஒவ்வொன்றாக ஏறியே தீர வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம். மூன்றாம் எண்ணைத் தவறவிட்டால் பிள்ளைக்கு எதுவும் குறைந்துவிடாது. பெட்டியில் போட்டபடி ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் கலக்கினால் 60 கிராமுக்கு மேல் ஆகும், 400 கிராம் டப்பா ஒரு வாரம் தாங்காது. மாதத்துக்கு ஐந்து டப்பா. அந்தப் பணத்துக்கு எத்தனை முட்டை, எவ்வளவு மீன் வாங்கலாம் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

டப்பாவைச் சீக்கிரம் தீர்க்கக்கூடாது என்று பவுடரைக் குறைத்துத் தண்ணியாகக் கலக்குவதும், சத்து கூடட்டும் என்று பசும்பாலிலேயே பவுடரைப் போடுவதும் எங்கள் பக்கம் சகஜம். இரண்டுமே தப்பு. முதலாவதில் ஒன்றும் தேறாது. இரண்டாவதில் கெட்டியாகிப்போன பால் பிள்ளைக்கு மலச்சிக்கலைத்தான் கொடுக்கும். பசும்பால் அலர்ஜி உள்ள பிள்ளைக்கு டப்பா பால் ஒத்துக்கொள்ளும் என்று நம்பிக் கொடுப்பது இன்னும் ஆபத்து. அந்தப் பவுடரும் பசும்பாலில் செய்ததுதான்.

பசும்பாலைக் கொடுப்பதிலும் கவனம் வேண்டும். ஒரு வயது முடியும் முன்பு அதைக் குடிக்கும் பாலாகக் கொடுக்கக்கூடாது. முடிந்த பிறகு ‘கனம்’ என்று சொல்லிப் பாதிக்குப் பாதி தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. பால்காரர் வீட்டுப் பாலானாலும் சொசைட்டிப் பாலானாலும் பொங்கக் காய்ச்சித்தான் கொடுக்க வேண்டும். அளவு 400 மில்லி, அதாவது இரண்டு டம்ளர். அந்த வயதுக்குத் தேவையான 500 மில்லிகிராம் கால்சியத்தில் பெரும்பகுதி இதிலேயே கிடைத்துவிடும். அரை லிட்டருக்கு மேல் போகக்கூடாது.

தங்கை வீட்டில் முதலில் நிறுத்தியது ராத்திரிப் பாட்டில். பிறகு பத்து மணிப் பாட்டில். மீதிப் பாலையும் இரண்டு டம்ளராகக் குறைத்துச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுத்தாள். மூன்று நாள் ஒரே அழுகை. மாமியார் மனசு தாங்காமல் நான்காம் நாள் பாட்டிலைக் கழுவி எடுத்தார், தங்கைதான் விடவில்லை. அன்று மத்தியானமே தாத்தா தட்டிலிருந்து பயறு எடுத்துத் தின்றான். அறுவடைக்குச் சில நாள் முன்பு நெல் வயலில் தெளிக்கிற அந்தப் பயறும் உளுந்தும் எங்கள் ஊரில் எல்லா வீட்டிலும் இருக்கும். பயறைக் குழைய வேகவைத்து எலுமிச்சம்பழம் இரண்டு சொட்டுப் பிழிந்தால் அதிலுள்ள இரும்பு நன்றாகச் சேரும். முருங்கைக்கீரையில் இரும்பு உண்டு, ஆனால் உடம்பில் சேர்வது கொஞ்சம்தான், அதை மட்டும் நம்பக்கூடாது. அசைவ வீடானால் வாரம் ஒருமுறை கோழி ஈரல் இரண்டு ஸ்பூன், முட்டை, மீன்.

ஹீமோகுளோபின் 8.6 என்றால் சாப்பாடு மட்டும் போதாது. வாரம் இருமுறை கொடுக்கும் டானிக்கும் போதாது, அது ரத்தசோகை வராமல் காப்பதற்கான அளவு. டாக்டர் எடைக்குத் தகுந்தபடி கணக்கிட்டு, பத்து கிலோப் பிள்ளைக்குத் தினம் 30 மில்லிகிராம் இரும்பு மூன்று மாதம் கொடுக்கச் சொன்னார். பாலோடு சேர்க்காமல் இரண்டு சாப்பாட்டுக்கு நடுவே கொடுக்க வேண்டும், மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். ஒரு மாதம் கழித்துப் பார்த்தபோது 10.1 ஆகியிருந்தது. மண் தின்பது அதற்கு முன்பே நின்றுவிட்டது.