பில் புத்தக ஆர்டருக்கு ஜாப் கார்டு: நம்பரும் அட்வான்ஸும் தப்பாமல் இருக்க

அச்சகத்தில் ஒவ்வொரு ஆர்டரின் விவரத்தையும் பணத்தையும் எழுதி வேலையோடு கூடவே அனுப்பும் ஜாப் கார்டு சரியாக ஓடுகிறதா என்று பார்க்க பில் புத்தகத்தை விட நல்ல வேலை கிடையாது. இதில் தொடர் எண் இருக்கிறது, இரண்டு நிறத் தாள் இருக்கிறது, நடுவில் எண்ணிக்கையை மாற்றும் வாடிக்கையாளரும் இருக்கிறார்.

ஒரு ஹார்டுவேர் கடை ஆர்டரை எடுத்துக்கொள்வோம். ஏ5 அளவில் 20 புத்தகம். ஒவ்வொன்றிலும் 50 பில், ஒரு பில்லுக்கு வெள்ளை ஒன்று, மஞ்சள் நகல் ஒன்று. புத்தகம் 210 ரூபாய், மொத்தம் 4,200.

1. கார்டு திறப்பது. கெட்டி அட்டையில் அச்சடித்த கார்டாக இருக்கட்டும். மெல்லிய தாள் மெஷின் பக்கம் போனால் மையில் நனைந்து திரும்பாது. மேலே கார்டு எண் (347 என்று வைப்போம்), கடைப் பெயர், போன், டெலிவரி தேதி. வேலை விவரத்தில் "பில் புக் 20" என்று மட்டும் எழுதினால் போதாது. கடைசியாகப் போட்ட பில்லின் எண்ணைக் கடைக்காரரிடம் கேட்டு எழுதுங்கள். 2400 என்றால் புது வேலை 2401 முதல் 3400 வரை. தொகைக்குப் பக்கத்தில் "வரி உள்பட" அல்லது "வரி தனி" என்று எழுதிவிடுங்கள். பாக்கி வாங்கும்போது வரும் தகராறில் பெரும்பகுதி இந்த இரண்டு சொல் இல்லாததால் வருவதுதான்.

2. அட்வான்ஸ். கார்டின் பின்பக்கம் தேதி, ரசீது எண், ரொக்கமா ஜிபேயா, தொகை, வாங்கியவர் கையெழுத்து என்று ஐந்து கட்டம் போடுங்கள். ஒவ்வொரு முறை பணம் வரும்போதும் ஒரு புது வரி. பழைய தொகையை அடித்துவிட்டு கூட்டிய தொகையை எழுதுவது கூடவே கூடாது; எந்தப் பணம் என்றைக்கு வந்தது என்பது அதோடு போய்விடும். இங்கே ஆர்டரன்று 2,000 ரொக்கம், புரூஃப் பார்த்த அன்று 1,000 ஜிபே.

கம்ப்யூட்டரில் வைப்பதாக இருந்தாலும் இதே முறைதான். `Receipts` தாளில் B பத்தியில் கார்டு எண், D பத்தியில் தொகை, ஒரு வரவுக்கு ஒரு வரி. `Cards` தாளில் A2-வில் கார்டு எண், D2-வில் மொத்தத் தொகை இருந்தால் பாக்கிக்கு:

```
=D2-SUMIFS(Receipts!D:D,Receipts!B:B,A2)
```

3. புரூஃப். கடைக்காரர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட புரூஃபைக் கார்டோடு பின் செய்யுங்கள். அந்தக் கையெழுத்தும் பாதி அட்வான்ஸும் இல்லாத கார்டு பிளேட்டுக்குப் போகக் கூடாது. கடைப் பெயர் அச்சான பில்லை வேறு யாருக்கும் விற்க முடியாது. பிளேட்டும் தாளும் போனால் நஷ்டம் முழுதும் அச்சகத்துக்குத்தான்.

4. அச்சும் நம்பரும். ஏ4 தாளில் இரண்டு பில் பக்கத்தில் பக்கம் அடிக்கிறோம். 1,000 பில்லுக்கு வெள்ளை 500 தாள், மஞ்சள் 500, கழிவுக்கு ஒவ்வொன்றிலும் 25 கூடுதல். இடது நம்பரிங் பாக்ஸ் 2401-இல் தொடங்கி 2900-இல் முடியும், வலது 2901-இல் தொடங்கி 3400-இல் முடியும். நடுவில் வெட்டி, இடது கட்டின் மேல் வலது கட்டை வரிசையில் சேர்த்தால் ஒரே தொடர். இந்த இரண்டு தொடக்க எண்களையும் கார்டில் எழுதுங்கள். மெஷின்காரர் மனக்கணக்குப் போடும்படி விடாதீர்கள்.

தவறு பெரும்பாலும் இங்கேதான் நுழைகிறது. புரூஃப் முடிந்த பிறகு கடைக்காரர் போன் செய்து, "இன்னும் நாலு புக் சேத்துப் போட்ருங்க" என்கிறார். ஆபீசில் தொகையை மட்டும் திருத்தி, மெஷினில் "நூறு தாள் சேர்த்து ஓட்டுங்கள்" என்று வாயால் சொன்னால் என்ன ஆகும்? இடது பக்கம் 2401 முதல் 3000 வரை ஓடும். 2901-இல் தொடங்கிய வலது பக்கம் 3500-இல் நிற்கும். 2901 முதல் 3000 வரை நூறு எண்கள் இரண்டு முறை வந்துவிடும், 3501 முதல் 3600 வரை வரவே வராது. ஜிஎஸ்டி விதிப்படி ஒரே நிதியாண்டில் ஒரே எண்ணில் இரண்டு பில் இருக்கக் கூடாது. இரண்டு புத்தகம் குப்பைக்குப் போகும், இரண்டு புத்தகம் திரும்ப அடிக்க வேண்டும்.

அதனால் மாற்றம் வந்ததும் கார்டை மெஷினிலிருந்து திரும்ப வாங்குங்கள். "24 புக், தாள் 600+600, இடது 2401, வலது 3001, மொத்தம் 5,040" என்று தேதியோடு புது வரியில் எழுதி, சொன்னவர் பெயரையும் குறியுங்கள். பழைய வரியை ஒரு கோடு போட்டு அடித்தால் போதும், படிக்கத் தெரியட்டும். வலது பாக்ஸ் 2901-இல் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால் அதை மாற்றாதீர்கள். 500 தாளோடு முடித்து, கூடுதல் 100 தாளை இடது 3401, வலது 3501 என்று தனியாக ஓட்டுங்கள்.

5. பைண்டிங். தைப்பதற்கு முன் ஒவ்வொரு புத்தகத்திலும் முதல், கடைசி பில்லில் வெள்ளை எண்ணும் மஞ்சள் எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். மஞ்சள் ஓட்டத்தில் ஒரு தாள் கிழிந்து விழுந்திருந்தால் அதற்குப் பிறகு எல்லாம் ஓரெண் தள்ளிப்போயிருக்கும். விழுந்த தாளின் எண்களைக் கை நம்பரிங் மெஷினில் கழிவுக்கென்று கூடுதலாக அடித்த மஞ்சள் தாள்மேல் போட்டு இடையில் செருகினால் சரியாகிவிடும்.

6. டெலிவரி. 5,040-இல் 3,000 போக பாக்கி 2,040. கட்டைக் கொடுக்கும் முன் அந்த வரவையும் பின்பக்கம் எழுதி, பெற்றுக்கொண்டவர் கையெழுத்து வாங்குங்கள். "கடைசி எண் 3600" என்று கார்டின் மேல் மூலையில் பெரிதாக எழுதிக் கடையின் ஃபைலில் போடுங்கள். அடுத்த ஆர்டருக்கு அவர் சொல்லும் எண்ணை அதோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே புதுக் கார்டு திறக்க வேண்டும்.