இடம் மாறிய மச்சம், பக்கம் மாறிய வகிடு: செல்ஃபியைப் பார்த்து வரைபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் நான் உருவப்படம் வரைந்து கொடுத்துவருகிறேன். ராயபுரம், தண்டையார்பேட்டை, காசிமேடு ஆகிய பகுதிகளிலிருந்து வருபவர்களில் பெரும்பாலோர் இறந்துபோன பெற்றோரின் படத்தைக் காரியத்துக்குள் வரைந்து தரவேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். முன்பெல்லாம் அவர்கள் கையில் ஸ்டுடியோவில் எடுத்த புகைப்படம் இருக்கும். இப்போது வாட்ஸ்அப்பில் ஒரு செல்ஃபி வருகிறது. அந்தச் செல்ஃபி கண்ணாடியில் தெரிவதுபோல இடவலம் மாறியிருந்தால், வரைபவர் எவ்வளவு துல்லியமாக வரைகிறாரோ அவ்வளவு துல்லியமாகப் பிழையும் படத்தில் ஏறிவிடும்.

துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவரின் படத்தைக் கரிக்கோலில் வரைந்தபோது இதை நான் அனுபவித்தேன். அவருடைய பேரன் எடுத்த செல்ஃபியில், முகம் மட்டும் தெரியும்படி வெட்டி மகன் அனுப்பியிருந்தார். பெரியவர் பனியன் அணிந்திருந்தார். வகிடு பார்ப்பவருக்கு இடப்பக்கத்திலும், கன்னத்து மச்சம் வலப்பக்கத்திலும் இருந்தன. 16-க்கு 20 அங்குலத் தாளில் கட்டம் போட்டு, இமை மடிப்பு வரை அளந்து வரைந்து முடித்தேன். அவருடைய மனைவி படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவரு மாதிரிதான் இருக்கு தம்பி, ஆனா அவரோட கூடப் பொறந்தவர் யாரோ மாதிரியும் இருக்கு" என்றார். பிறகுதான் மகன், "அப்பாவுக்கு மச்சம் வலது கன்னத்துலதானே" என்று நினைவுபடுத்தினார்.

அவர் சொன்ன வலது கன்னம் பெரியவருடைய வலது. நேரான புகைப்படத்தில் அது பார்ப்பவருக்கு இடப்பக்கத்தில் விழவேண்டும். என் படத்திலோ எதிர்ப்பக்கத்தில் இருந்தது. அப்போது நான் அதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்தேன். மச்சத்தை அழித்து அடுத்த கன்னத்தில் வைத்தேன். வகிட்டையும் அழித்து எதிர்ப்பக்கமாக மாற்றி வரைந்தேன். ஒரு மாலை முழுவதும் அதற்குச் செலவானது. முடித்துப் பார்த்தபோது முகம் முன்பைவிட அந்நியமாகத் தெரிந்தது.

யாருடைய முகமும் இரு பக்கமும் ஒன்றுபோல இருப்பதில்லை. அந்தப் பெரியவருக்கு இடது இமை சற்றுத் தாழ்ந்திருந்தது, வலது உதட்டோரம் லேசாக மேலேறியிருந்தது. அதாவது மச்சமும் ஏறிய உதட்டோரமும் ஒரே பக்கம், தாழ்ந்த இமையும் வகிடும் மறுபக்கம். முழுவதுமாக இடவலம் மாறிய படத்தில் பக்கம்தான் தவறே தவிர, இந்த உறவுகள் குலைவதில்லை. நான் மச்சத்தையும் வகிட்டையும் மட்டும் மாற்றியதும் மச்சம் தாழ்ந்த இமைக்குக் கீழே வந்து நின்றது. அப்படியொரு முகம் அவருக்கு நேரிலும் இருந்ததில்லை, கண்ணாடியிலும் இருந்ததில்லை. போதாக்குறைக்கு, அந்தப் படத்தில் தலை சற்றுத் திரும்பியிருந்ததால் ஒரு கன்னம் அகலமாகவும் மற்றது குறுகியும் தெரிந்தது. மூக்கு மடலிலிருந்து மச்சம் இருந்த தூரத்தை அப்படியே அளந்து குறுகிய கன்னத்தில் வைத்தால், மச்சம் காதை நோக்கி நகர்ந்துவிடும். வகிடும் வெறும் கோடு அல்ல. வகிட்டுக்கு மறுபக்கத்தில்தான் முடி உயர்ந்து படிகிறது என்பதால், அதை மாற்றும்போது தலையின் வெளிக்கோடே மாறவேண்டியிருக்கிறது.

ஆகவே, பக்கம் மாறியிருப்பது தெரிந்த பிறகு உறுப்பு உறுப்பாகத் திருத்தக் கூடாது. என் முதல் படத்தை, அதாவது மச்சத்தை மாற்றுவதற்கு முன் ஃபோனில் எடுத்து வைத்திருந்த பிரதியை, இடவலமாகத் திருப்பி அந்த அம்மாவிடம் காட்டினேன். பார்த்த உடனே முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். திருப்பிய செல்ஃபியை வைத்து மறுபடி முதலிலிருந்து வரைந்தேன். வரைந்த படம் தாளில் இருந்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். படத்தை முகம் பார்க்கும் கண்ணாடி முன் பிடித்து, அதில் தெரிவதை வீட்டாரைப் பார்க்கச் சொன்னால் போதும்.

இப்போது வரையத் தொடங்கும் முன்பே, வெட்டாத முழுப் படத்தைக் கேட்டு வாங்கிவிடுகிறேன். பெரியவரின் முழுச் செல்ஃபியில் பின்சுவரில் தினசரி காலண்டர் தொங்கியது, அதில் எழுத்துகள் தலைகீழாக இல்லாமல் இடவலம் மாறி இருந்தன. அதைப் பார்த்திருந்தால் ஒரு வார உழைப்பு மிஞ்சியிருக்கும். எழுத்து இல்லாத படங்களில் உடை உதவும். ஆண்கள் சட்டையின் பை வழக்கமாக அணிந்தவரின் இடப்பக்கம் இருக்கும், நேரான படத்தில் அது நமக்கு வலப்பக்கம் தெரியும். புடவையின் முந்தானை இடது தோளில் போவது நம் வழக்கம். ஆனால் சௌகார்பேட்டைக் குடும்பங்களிலிருந்து வரும் படங்களில் குஜராத்தி முறைப்படி முந்தானை வலது தோள் வழியாக முன்னே வரக்கூடும், அதைப் பார்த்துவிட்டு நேரான படத்தைத் திருப்பிவிடக் கூடாது. மூக்குத்தியை நான் சாட்சியாகவே எடுத்துக்கொள்வதில்லை, இடப்பக்கம் குத்தியவர்களும் இருக்கிறார்கள், வலப்பக்கம் குத்தியவர்களும் இருக்கிறார்கள்.

ஃபோனின் வகையை வைத்து முடிவு கட்டுவதும் தவறு. முன்பக்கக் கேமராவில் எடுக்கும்போது திரையில் தெரிவது கண்ணாடிப் பிம்பம், சேமிக்கும்போது அது நேராகுமா அப்படியே நிற்குமா என்பது அமைப்பைப் பொறுத்தது. ஐஃபோனில் Mirror Front Camera என்றும், சாம்சங்கில் Save selfies as previewed என்றும் இருக்கும் அந்த அமைப்பை, படம் எடுத்த நாளில் யார் எப்படி வைத்திருந்தார்கள் என்று நமக்குத் தெரியாது. தெருமுனையில் வைக்கும் கண்ணீர் அஞ்சலி பேனரிலிருந்து எடுத்த முகத்தையும் நம்ப முடியாது, முகம் எழுத்துப் பக்கம் பார்க்கவேண்டும் என்பதற்காக வடிவமைப்பவர்கள் படத்தைத் திருப்பிவிடுவது உண்டு. கல்யாண ஆல்பத்திலும் இது நடக்கிறது.

வீட்டாரிடம் "மச்சம் எந்தப் பக்கம்?" என்று கேட்பதும் பயன் தராது. எதிரே உட்கார்ந்து பார்த்தே பழகியவர்கள், சிலர் தங்கள் இடது வலதை வைத்தும் சிலர் அவருடைய இடது வலதை வைத்தும் சொல்வார்கள். தங்கள் கன்னத்தைத் தொட்டுக் காட்டினாலும் அதே குழப்பம்தான். நான் செல்ஃபியை நேராகவும் திருப்பியும் இரண்டு பிரதி எடுத்து, எது எது என்று சொல்லாமல் அருகருகே வைத்து, "இதில் அவர் யார்?" என்று கேட்கிறேன். கூடவே பள்ளி மாற்றுச் சான்றிதழ் இருந்தால் கொண்டுவரச் சொல்கிறேன். அதில் அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் 'வலது கன்னத்தில் ஒரு மச்சம்' என்று எழுதியிருந்தால், அது அவருடைய சொந்த வலப்பக்கத்தைக் குறிப்பது.

உயிரோடிருப்பவர் தம் படத்தைத் தாமே வரையக் கொடுத்தால் மட்டும் இந்தக் கேள்வி வேறு விதமாகிறது. 1977-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், தங்கள் முகத்தின் நேரான படத்தையும் திருப்பிய படத்தையும் பார்த்த பெண்கள் கண்ணாடியில் பழகிய முகத்தையே அதிகம் விரும்பினார்கள், அவர்களுடைய தோழிகளோ நேரான முகத்தை விரும்பினார்கள். ஆகவே படத்துக்கு உரியவர் "சரியாக இருக்கிறது" என்று சொன்னாலும், அவருடைய மனைவியோ பிள்ளையோ வந்து பார்க்கும் வரை நான் மச்சத்தை அழுத்தி வைப்பதில்லை.